நினைவில் நின்ற ஆங்கில வசனமும் அதன் மூலப் பெயர்ப்பும்: பாறசாலை, நெய்யாற்றின்கரை எல்லைப்புற ஊர்களை முன்வைத்து

வாய்மொழி வரலாறு, வாழ்க்கைக் குறிப்பு, நாட்குறிப்பு, கல்லறை வாசகம் முதலியவற்றைத் தொகுப்போர் கேரள - தமிழக எல்லைப்புறத்தில் ஓர் இடர்ப்பாட்டை எதிர்கொள்வர். தமிழிலோ மலையாளத்திலோ பேசிக்கொண்டிருப்பவர் இடையில் விவிலிய வசனம் ஒன்றை ஆங்கிலத்தில் கூறுவார். அது தொகுப்பாளர் கையிலுள்ள ஆங்கில விவிலியத்தோடு முற்றும் ஒத்திராது. தொகுப்பாளர் அதனை நினைவுப் பிழையெனக் கருதித் தம் கையிலுள்ள படியைக் கொண்டு 'திருத்தி' எழுதிவிடுவதே பெரும்பாலும் நிகழ்கிறது. அவ்வாறு திருத்தும்பொழுது, அந்த வசனத்தை அவர் எந்த மொழியில், எந்தக் காலத்தில், எவ்வழியாகக் கற்றார் என்பதற்கான சான்று அழிந்துபோகிறது. அச்சான்றைக் காக்கவும் படிக்கவும் உரிய முறையை, எல்லோரும் மனப்பாடமாக அறிந்த இருபத்துமூன்றாம் சங்கீதம் ஒன்றையே கொண்டு இக்கட்டுரை விளக்குகிறது.

களமும் மொழிச் சூழலும்

தென்திருவிதாங்கூரில் இலண்டன் மிஷனரி சங்கத்தின் பணி ரிங்கல்தௌபேயால் 1806இல் மயிலாடியை மையமாகக் கொண்டு தொடங்கிற்று. பின்னர் அது நாகர்கோவில், நெய்யூர், பாறசாலை என மேற்கு நோக்கிப் பரவிற்று. மேற்கே செல்லச் செல்லத் தமிழும் மலையாளமும் ஒன்றோடொன்று கலந்து வழங்கும் நிலம் அது. 1956 நவம்பர் முதல் நாள் மாநிலச் சீரமைப்பின்பொழுது தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய நான்கு வட்டங்கள் சென்னை மாநிலத்தைச் சேர்ந்தன. நெய்யாற்றின்கரை வட்டம் கேரளத்தில் நின்றது. பாறசாலைக்கு அடுத்த களியக்காவிளை தமிழகத்தில் உள்ளது. பாறசாலை கேரளத்தில் உள்ளது. சங்கத்தின் வழிவந்த சபைகள் 1947இல் தென்னிந்தியத் திருச்சபையில் இணைந்தன. 1959இல் கன்னியாகுமரி, தென்கேரளம் எனத் திருமண்டலங்கள் பிரிந்தன. இதன் பயனாக, எல்லையின் மேற்கே ஒரே குடும்பத்தில் பாட்டி தமிழ் விவிலியத்தையும் பேரன் மலையாள விவிலியத்தையும் மனத்தில் கொண்டிருத்தல் கூடும். ஆங்கிலமோ பள்ளி வழியாக இருவருக்கும் வந்து சேர்ந்தது.

ஆகவே இப்பகுதியில் நினைவில் நின்ற ஆங்கில வசனத்தைக் குறித்து எழும் வினா 'இது எந்த ஆங்கிலப் பெயர்ப்பு' என்பது மட்டுமன்று. 'இது ஆங்கிலப் பெயர்ப்புத்தானா, தமிழிலிருந்தோ மலையாளத்திலிருந்தோ அவ்வேளையில் ஆங்கிலமாக்கப்பட்டதா' என்பதும் உடன் எழுகிறது. இரண்டாவது வினாவை எழுப்பாமல் முதலாவதற்கு விடை தேடுவோர் தவறான பெயர்ப்பைச் சுட்ட நேரிடும்.

காலத்தால் வரையறுத்தல்

முதலில் செய்யத்தக்கது காலத்தைக் கொண்டு சில பெயர்ப்புகளை விலக்குதல். 1611ஆம் ஆண்டின் அரசர் ஜேம்ஸ் பெயர்ப்புக்குப் பிறகு ஆங்கிலேயர் பெருவழக்காகக் கொண்ட புதிய பெயர்ப்பு நெடுங்காலம் தோன்றவில்லை. அதன் திருத்தமான 'ரிவைஸ்டு வெர்ஷன்' புதிய ஏற்பாடாக 1881இலும் பழைய ஏற்பாடாக 1885இலும் வந்தது. அதன் அமெரிக்க வடிவம் 1901இல் வெளிவந்தது. அதனைத் திருத்திய 'ஆர்.எஸ்.வி.' முழு விவிலியமாக 1952இல் வந்தது. 'என்.ஐ.வி.' முழுமையாக 1978இலும், சிறு திருத்தத்துடன் 1984இலும், பெருந்திருத்தத்துடன் 2011இலும் வெளியாயிற்று. 1950இல் பள்ளியை விட்டவர் அப்பொழுதே கற்ற சங்கீதம் ஆர்.எஸ்.வி. வாசகமாக இருத்தல் இயலாது. பாறசாலையில் பணியாற்றிய ஜான் ஆப்ஸ் 1870இலும், சாமுவேல் மேட்டீர் 1871இலும் வெளியிட்ட நூல்களில் வரும் மேற்கோள்களுக்கு 1881க்குப் பிந்திய பெயர்ப்பைத் தேடுதல் வீண்.

மேட்டீரின் நூல் தலைப்பு இங்கு ஓர் எச்சரிக்கையாக அமைகிறது. திருவிதாங்கூரைச் 'சாரிட்டி'யின் நாடு என அவர் அழைத்தார். அரசர் ஜேம்ஸ் பெயர்ப்பில் கொரிந்தியருக்கு எழுதிய முதல் நிருபத்தின் பதின்மூன்றாம் அதிகாரம் முழுதும் அன்பைக் குறிக்க இச்சொல்லே வருகிறது. 1881ஆம் ஆண்டுத் திருத்தம் அவ்விடத்தில் 'லவ்' என மாற்றிற்று. இதனைக் கொண்டு தலைப்பு அந்த அதிகாரத்தின் எதிரொலி என ஒருவர் முடிவு கட்டிவிடலாம். ஆனால் அது தர்மபூமி என்னும் நாட்டுப் பெயரின் மொழியாக்கமே. சொல் ஒத்திருப்பதாலேயே மூலம் ஒன்றாகிவிடாது. உள்நாட்டு மொழியிலிருந்தும் அதே ஆங்கிலச் சொல் பிறக்கலாம் என்பதற்கு இதைவிடத் தெளிவான காட்டு இப்பகுதியில் கிடைப்பது அரிது.

அடையாளச் சொற்கள்

காலம் சில பெயர்ப்புகளையே விலக்கும். எஞ்சியவற்றைப் பிரிக்கச் சொற்கள் வேண்டும். எல்லாச் சொல்லும் ஒரே எடையுடையன அல்ல. 'தௌ', 'தீ' என்னும் பழைய முன்னிலைப் பெயர்களை நினைவு எளிதில் மாற்றிவிடும். பழமையான வாசகத்தைக் கற்றவர் இக்காலப் பேச்சுக்கு ஏற்ப 'யூ' என்பார். புதிய வாசகத்தைக் கற்றவர் வேதமொழி என்னும் மதிப்பால் 'தௌ' என்பார். பொருள் நிறைந்த பெயர்ச்சொல்லும் வினைச்சொல்லும் அவ்வளவு எளிதாக மாறுவதில்லை.

ஆயினும் வினையின் ஈறு ஓரிடத்தில் பெரிதும் பயன்படுகிறது. அரசர் ஜேம்ஸ் பெயர்ப்பு 'மேக்கெத்', 'லீடெத்', 'ரெஸ்டோரெத்' எனப் படர்க்கையிலும் பழைய ஈற்றைக் கொள்கிறது. என்.ஐ.வி. இரண்டையும் விலக்கியது. ஆர்.எஸ்.வி.யோ கடவுளைப் படர்க்கையில் கூறும்பொழுது 'மேக்ஸ்', 'லீட்ஸ்' எனப் புது ஈற்றையும், நான்காம் வசனத்திலிருந்து அவரை முன்னிலைப்படுத்தும்பொழுது 'தௌ' என்பதையும் அதற்குரிய பழைய வினை ஈற்றையும் கொள்கிறது. ஒருவர் முதற்பகுதியைப் புதுமையாகவும் பிற்பகுதியைப் பழமையாகவும் சொல்வாராயின் அது குழப்பம்போலத் தோன்றும்; உண்மையில் அதுவே ஆர்.எஸ்.வி.யின் அடையாளம். தொகுப்பாளர் இரண்டையும் சீராக்கினால் அடையாளம் மறைந்துவிடும்.

இனி ஐந்து இடங்களை மட்டும் எடுத்துக்கொள்வோம்.

முதலாவது, கடவுளின் பெயர். பெரும்பாலான ஆங்கிலப் பெயர்ப்புகள் 'லார்ட்' என்கின்றன. 1901ஆம் ஆண்டு அமெரிக்கப் பெயர்ப்பு 'ஜெஹோவா' என்கிறது. 1966இல் வெளிவந்த ஜெருசலேம் விவிலியம் 'யாவே' என்கிறது. தமிழில் 1871இல் வெளியான பவர் தலைமையிலான திருப்புதல் இங்குக் 'கர்த்தர்' என்கிறது. மலையாளத்தில் 1910இல் வெளியான சத்தியவேதபுஸ்தகம் 'யஹோவ' என்கிறது. ஆகவே 'ஜெஹோவா' என்னும் சொல் அமெரிக்காவிலிருந்தும் வந்திருக்கலாம். அடுத்த தெருவின் மலையாள ஆராதனையிலிருந்தும் வந்திருக்கலாம்.

இரண்டாவது, முதல் வசனத்தின் இறுதி. அரசர் ஜேம்ஸ், ஆர்.எஸ்.வி. ஆகியன 'வாண்ட்' என்னும் சொல்லைப் பழம்பொருளில் வழங்குகின்றன. குறைவு எனப் பொருள்படும் 'லாக்' என்னும் சொல் ஆங்கிலிக்கன் பொது வழிபாட்டு நூலின் சங்கீதங்களிலும் உள்ளது. 2011ஆம் ஆண்டு என்.ஐ.வி.யிலும் உள்ளது. முன்னது கவர்டேலின் பதினாறாம் நூற்றாண்டுப் பெயர்ப்பு. ஏறத்தாழ ஐந்து நூற்றாண்டு இடைவெளியுள்ள இரண்டு வாசகங்கள் ஒரே சொல்லில் சந்திக்கின்றன. இதற்கும் மேலாக, தமிழின் 'தாழ்ச்சி', மலையாளத்தின் 'முட்டு', 1995ஆம் ஆண்டுத் திருவிவிலியத்தின் 'குறை' ஆகிய மூன்றையும் இன்று ஆங்கிலத்தில் பெயர்ப்பவர் இச்சொல்லையே நாடுவர். எனவே இது தனித்து நின்று எதையும் நிறுவாது.

மூன்றாவது, மூன்றாம் வசனத்தில் ஆத்துமாவைக் குறித்து வரும் வினை. இதுவே மிகச் சிறந்த அடையாளம். அரசர் ஜேம்ஸ், ஆர்.எஸ்.வி., 1984ஆம் ஆண்டு என்.ஐ.வி. ஆகியவற்றில் 'ரெஸ்டோர்' என்னும் வினை. பொது வழிபாட்டு நூலில் 'கன்வெர்ட்'. 2011ஆம் ஆண்டு என்.ஐ.வி.யில் 'ரெஃப்ரெஷ்'. தமிழில் 'தேற்றி' எனவும் மலையாளத்தில் 'தணுப்பிக்குன்னு' எனவும் வருகின்றன. தமிழிலிருந்து பெயர்ப்பவர் 'கம்ஃபர்ட்' என்பார். மலையாளத்திலிருந்து பெயர்ப்பவர் 'கூல்' என்றோ, சற்றுப் பண்படுத்தி 'ரெஃப்ரெஷ்' என்றோ சொல்வார். பின்னது 2011ஆம் ஆண்டு வாசகத்தோடு தற்செயலாக ஒத்துவிடும்.

நான்காவது, பள்ளத்தாக்கு. எபிரேய மூலத்தில் அங்குள்ள சொல்லை நிழல், மரணம் என்னும் இரு சொற்களின் கூட்டாகக் கொண்டால் 'மரண நிழல்' எனவும், ஒரே சொல்லாகக் கொண்டால் 'காரிருள்' எனவும் பொருள்படும். அரசர் ஜேம்ஸும் ஆர்.எஸ்.வி.யும் 1984ஆம் ஆண்டு என்.ஐ.வி.யும் முதற்பொருளைக் கொண்டன, ஆர்.எஸ்.வி. இரண்டாம் பொருளை அடிக்குறிப்பில் தந்தது. 2011ஆம் ஆண்டு என்.ஐ.வி. மிக இருண்ட பள்ளத்தாக்கு என இரண்டாவதை ஏற்றது. மலையாளப் புஸ்தகம் ஒரு நூற்றாண்டுக்கு முன்பே 'கூரிருள்' என எழுதிவிட்டது. தமிழ்த் திருப்புதல் 'மரண இருள்' என இரண்டையும் இணைக்கிறது. நிழல் என்னும் சொல்லே தமிழில் இல்லை என்பதைக் குறித்துக்கொள்ள வேண்டும்.

ஐந்தாவது, இறுதி வசனத்தில் நன்மையோடு இணைந்து வரும் சொல். எபிரேயத்தில் அது 'ஹெசெத்'. அரசர் ஜேம்ஸில் 'மெர்சி', 1901ஆம் ஆண்டு அமெரிக்கப் பெயர்ப்பில் 'லவிங்கைண்ட்னஸ்', என்.ஐ.வி.யின் இரு வடிவங்களிலும் 'லவ்'. ஆர்.எஸ்.வி. இச்சொல்லைச் சங்கீதங்களில் பொதுவாக நிலைத்த அன்பு எனப் பெயர்ப்பது. ஆனால் இச்சங்கீதத்தில் மட்டும் பழகிய 'மெர்சி'யை விடவில்லை. ஒரு பெயர்ப்பின் பொதுவழக்கை அறிந்தவர் வசனத்தைத் திறந்து பாராமல் தீர்ப்புக் கூறினால் இங்கேதான் வழுக்கி விழுவார். தமிழில் 'கிருபை', மலையாளத்தில் 'கருண', 1995ஆம் ஆண்டுத் திருவிவிலியத்தில் 'பேரன்பு'. கிருபையைத் தமிழ்க் கிறித்தவர் ஆங்கிலத்தில் 'கிரேஸ்' எனவே வழங்குவர். மேற்கூறிய ஆங்கிலப் பெயர்ப்புகளுள் எதிலும் அச்சொல் இவ்விடத்தில் இல்லை. எனவே அது தமிழின் தடம்.

ஒரு காட்டின் ஆய்வு

இம்முறையின் பயனைக் காண, இப்பகுதியில் எதிர்பார்க்கத்தக்க ஒரு வாசகத்தைக் கற்பனையாக அமைத்துக்கொள்வோம். நெய்யாற்றின்கரையைச் சார்ந்த முதியவர் ஒருவர் சங்கீதத்தை ஆங்கிலத்தில் கூறுகிறார். கடவுளை 'ஜெஹோவா' என்கிறார். தமக்கு 'லாக்' இல்லை என்கிறார். ஆத்துமாவை 'ரெஃப்ரெஷ்' செய்கிறார் என்கிறார். பள்ளத்தாக்கை 'டார்க்' என்கிறார். இறுதியில் 'மெர்சி' என்கிறார்.

முதற்சொல்லைக் கேட்டவுடன் 1901ஆம் ஆண்டு அமெரிக்கப் பெயர்ப்பு எனக் கூறத் தோன்றும். அதுவாயின் 'வாண்ட்', 'ரெஸ்டோர்', மரண நிழல், 'லவிங்கைண்ட்னஸ்' ஆகியவை வந்திருக்க வேண்டும். நான்கில் ஒன்றும் இல்லை. அடுத்து 2011ஆம் ஆண்டு என்.ஐ.வி.யைக் கொள்வோம். 'லாக்', 'ரெஃப்ரெஷ்', இருண்ட பள்ளத்தாக்கு என நடுவிலுள்ள மூன்றும் பொருந்துகின்றன. இது வலிய சான்றுபோல் தோன்றும். ஆனால் தொடக்கத்தில் 'லார்ட்' என்றும் இறுதியில் 'லவ்' என்றும் வந்திருக்க வேண்டும். அவ்விரண்டும் பொருந்தவில்லை. முதியவர் ஒரு பெயர்ப்பில் பாதியையும் மற்றொன்றில் பாதியையும் கற்றார் எனச் சமாதானம் கூறலாம். அதற்கு இரண்டு அல்லது மூன்று ஆங்கில நூல்களை அவர் கையில் கொடுக்க வேண்டியிருக்கும். யஹோவ, முட்டு, தணுப்பிக்குன்னு, கூரிருள், கருண என்னும் ஐந்து மலையாளச் சொற்களை எதிரே வைத்துப் பார்த்தால் ஐந்தும் ஒரே மூலத்தால் விளங்குகின்றன. பல மூலங்களைக் கற்பிப்பதைவிட அனைத்தையும் விளக்கும் ஒரு மூலத்தைக் கொள்வதே பாட ஆய்வின் நெறி. அவர் சொன்னது 1910ஆம் ஆண்டு மலையாள வாசகத்தின் ஆங்கிலப் பெயர்ப்பு. அதனைச் செய்தவர் அவரே.

இதே முதியவர் இறுதியில் 'மெர்சி' என்பதற்கு மாறாகக் 'கிரேஸ்' என்று கூறியிருந்தால் முடிவு வேறாகும். மலையாள அமைப்பின் நடுவே தமிழ்ச் சொல் ஒன்று நிற்கிறது என்பது பெறப்படும். தமிழ் ஆராதனையில் தொடங்கி மலையாள ஆராதனைக்கு மாறிய ஒருவரிடம் எதிர்பார்க்கத்தக்க கலப்பு அது. சங்கீதத்தின் முதலும் முடிவுமே பிள்ளைப் பருவத்தில் அதிகம் ஓதப்படுபவை என்பதையும் எண்ணிப் பார்க்கலாம். எனினும் ஒரு சொல்லைக் கொண்டு வாழ்க்கை வரலாறு எழுதிவிடலாகாது. அவரிடமே கேட்டறிய வேண்டிய வினாவை அச்சொல் தருகிறது என்ற அளவில் நிற்பதே முறை.

பாட்டின் தலையீடு

மூன்றாவது மூலம் ஒன்றும் உண்டு. 1650ஆம் ஆண்டு ஸ்காட்லாந்துச் செய்யுட் சங்கீத நூல் இச்சங்கீதத்தை எட்டும் ஆறுமாக அசைகள் மாறிவரும் அடிகளில் யாத்துள்ளது. பள்ளிகளிலும் அடக்க ஆராதனைகளிலும் பாடப்படும் அவ்வடிவம் பலர் நினைவில் உரைநடையை வென்று நிற்கிறது. அதில் பள்ளத்தாக்கு மரணத்தின் இருண்ட பள்ளத்தாக்காகவே வருகிறது, நிழல் இல்லை. ஆகவே மரணம், இருள் என்னும் இரண்டையும் இணைத்து ஒருவர் சொன்னால் அது தமிழ்த் திருப்புதலாகவும் இருக்கலாம்; ஸ்காட்லாந்துச் செய்யுளாகவும் இருக்கலாம். பிரித்தறிய எளிய வழி உண்டு. செய்யுள் பள்ளத்தாக்கை 'வேல்' என்னும் கவிதைச் சொல்லால் குறிக்கிறது. தமிழிலிருந்து பெயர்ப்பவர் 'வேலி' என்னும் பொதுச்சொல்லையே எடுப்பார். செய்யுளின் முதலடியில் 'ஐ வில்', 'ஐ ஷால்' என்பவற்றின் சுருங்கிய வடிவம் வரும். உரைநடைப் பெயர்ப்புகளில் அது வருவதில்லை. மேலும், சொல்பவர் விரலால் தாளமிட்டாலோ, சொல் மறந்தபொழுது இராகத்தை முணுமுணுத்துத் தேடினாலோ விவிலியப் பெயர்ப்புகளைப் புரட்டுவதை நிறுத்திவிட்டுப் பாட்டு நூலை எடுக்க வேண்டும்.

கத்தோலிக்கரிடம் எண்ணும் ஒரு சான்றாகும். இலத்தீன் விவிலியத்தைப் பின்பற்றிய டூவே பெயர்ப்பில் இது இருபத்திரண்டாம் சங்கீதம். எண்ணை அவ்வாறு கூறுபவர் கடவுளை மேய்ப்பர் என்னாமல் ஆளுபவர் எனவும், பாத்திரத்தைச் 'சாலிஸ்' எனவும் சொன்னால் வேறு ஆய்வு வேண்டியதில்லை.

கேட்கும் முறையும் சரிபார்த்தலும்

இத்தனை நுண்மையும் கேட்கும் முறையில் தவறினால் பயனற்றுப்போகும். முதலில் ஆங்கில வாசகத்தைத் தடையின்றிச் சொல்லவிட்டு, ஒலிப்பதிவு செய்து, தயக்கமும் திருத்தமும் உட்பட எழுதிக்கொள்ள வேண்டும். தமிழ், மலையாள வாசகங்களை அதன் பின்னரே கேட்க வேண்டும். முன்னதாகக் கேட்டால் அவையே ஆங்கிலத்தை உருவாக்கிவிடும். '"மெர்சி"யா, "லவ்"வா' எனத் தேர்வு கொடுத்துக் கேட்பது கேட்பவரின் நினைவையே பதிவு செய்வதாகும். சில நாள் கழித்து மீண்டும் கேட்டல் நன்று. மனப்பாடம் செய்த ஆங்கில வாசகம் இருமுறையும் ஏறத்தாழ அதே சொற்களில் வரும். அவ்வப்பொழுது பெயர்க்கப்படுவது மாறும். முதல் நாள் 'கூல்' என்றவர் மறுநாள் 'ரெஃப்ரெஷ்' என்பார். இம்மாற்றத்தைக் குறையாகக் கருதாமல் பெயர்ப்பு நிகழ்கிறது என்பதற்கான நேரடிச் சான்றாகக் கொள்ள வேண்டும்.

சரிபார்க்கும்பொழுது அச்சுப்படியின் ஆண்டைக் காணுதல் இன்றியமையாதது. இன்று இணையத்தில் என்.ஐ.வி. என்னும் பெயரில் பொதுவாகக் கிடைப்பது 2011ஆம் ஆண்டு வடிவம். 1990களில் அப்பெயர்ப்பைக் கற்றவர் 'ரெஸ்டோர்' எனவும் மரண நிழல் எனவும் சரியாகவே சொல்வார். இணையத்தை மட்டும் பார்ப்பவர் அவர் அரசர் ஜேம்ஸ் வாசகத்தோடு குழப்பிக்கொண்டார் என எழுதுவார். அவர் இறுதியில் 'லவ்' என்றாரா என்பதைப் பார்த்தாலே போதும்: பழைய நடுப்பகுதியும் 'லவ்' என்னும் முடிவும் சேர்ந்து வருவது 1984ஆம் ஆண்டுப் படியின் இயல்பு.

எந்த மூலத்திலும் இல்லாத வாசகங்களும் உண்டு. ஏசாயாவின் பதினோராம் அதிகாரத்தில் ஆட்டுக்குட்டியோடு தங்குவது ஓநாய். ஆனால் சிங்கமும் ஆட்டுக்குட்டியும் சேர்ந்து படுத்திருக்கும் என ஆங்கிலம் பேசும் நாடுகளிலேயே பலர் உறுதியாக நினைவுகூர்வர். ஆங்கிலத்திலும் தமிழிலும் மலையாளத்திலும் ஓநாயே வருவதால், அதனைக் கூறுபவருக்குப் பெயர்ப்பு மூலம் தேட வேண்டியதில்லை. படங்களிலும் சொற்பொழிவுகளிலும் தேட வேண்டும்.

மொழிபெயர்ப்பாளருக்கு இதிலிருந்து நடைமுறை வேறுபாடு ஒன்று விளைகிறது. மேற்கண்ட நெய்யாற்றின்கரை முதியவரின் கூற்றைத் தமிழ் நூலில் தர நேர்ந்தால், தமிழ்த் திருப்புதலின் வசனத்தை அப்படியே எடுத்து வைத்தல் பொருந்தாது. கர்த்தர், மரண இருள், கிருபை என அவர் சொல்லாத மூன்று சொற்கள் அவர் வாயில் வந்துவிடும். யெகோவா, காரிருள், இரக்கம் எனப் புதிதாகப் பெயர்த்து, மூலம் மலையாள வாசகம் என்பதை அடிக்குறிப்பில் சுட்டுவதே அவர் கூற்றுக்கு உண்மையாகும். தமிழ்ச் சபையில் வளர்ந்து 'கிரேஸ்' எனச் சொன்னவருக்கு மட்டும் அச்சிட்ட தமிழ் வசனத்தைத் தயக்கமின்றித் திருப்பித் தரலாம்.